ஏழு தடித்த எண்கள்

பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் போன மாதம் ஒரு தாளை நீட்டினார். "தம்பி, ஏழு எடத்துல தடிச்ச எழுத்துல போட்டிருக்கான். அப்ப எனக்கு ஏழு வியாதியா?" ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இப்படித் தாள்கள் என்னைத் தேடி வரும். சி.பி.சி. எனப்படும் முழு ரத்த எண்ணிக்கை அறிக்கை அது.

முதலில் பெயர், வயது, தேதி சரியா என்று பார்த்தேன். ஆள் மாறிய அறிக்கைகளை நானே பார்த்திருக்கிறேன். அடுத்து, எண்களுக்குப் பக்கத்தில் உள்ள இயல்பு அளவு. ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேருக்கு வரும் அளவு அது. மீதி ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்கள்தான். ஆகவே மயிரிழையில் தாண்டிய ஒற்றை எண்ணைக் கண்டு பதற வேண்டியதில்லை.

லேபுக்கு லேப் வரிசை மாறும். நான் ஹீமோகுளோபினில் தொடங்குவேன். வளர்ந்த பெண்களுக்கு 12-க்கும், ஆண்களுக்கு 13-க்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும் கீழே போனால் ரத்தசோகை. அக்காவுக்கு 9.4. அடுத்து பி.சி.வி. ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் இடம் எத்தனை சதவீதம் என்பது. இது ஹீமோகுளோபினைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்க வேண்டும். அக்காவுக்கு 29.5, பொருந்துகிறது. வெகுவாக விலகியிருந்தால் எடுத்த ரத்தத்தையே சந்தேகப்பட்டிருப்பேன்.

ரத்தசோகை என்று தெரிந்ததும் பலர் தாளை மடித்து வைத்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை வாங்கப் போய்விடுகிறார்கள். காரணம் சொல்லும் வரி அதற்குக் கீழேதான் இருக்கிறது. எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80 முதல் 100 வரை இயல்பு. பி12, ஃபோலிக் அமிலம் குறைந்தால் அணு பெருக்கும். இரும்பு குறைந்தால் சிறுக்கும். அக்காவுக்கு 72.

ஆனால் சிறுத்த அணு என்றாலே இரும்புக் குறைவு என்று முடிவு கட்டிவிட முடியாது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து தலசீமியா மரபணு வந்தவர்களுக்கும் அணு சிறுத்தே இருக்கும். அவர்களில் சிலர் வருஷக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாமல் தவிப்பார்கள். இரண்டையும் பிரித்தறிய ஒரு பழைய கணக்கு உண்டு. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 13-க்கு மேல் வந்தால் இரும்புப் பக்கம், கீழே வந்தால் தலசீமியாப் பக்கம். அக்காவின் சிவப்பணு 4.1, 72-ஐ வகுத்தால் 17.6. அணுக்களின் பருமன் எவ்வளவு ஏறுமாறாக இருக்கிறது என்று காட்டும் ஆர்.டி.டபிள்யூ.வும் 17.8 என்று உயர்ந்திருந்தது. 14-ஐ ஒட்டி முடிய வேண்டியது அது. இரும்பு தீரத் தீரப் பிறக்கும் அணுக்கள் சிறுத்துக்கொண்டே போவதால், பழைய பெரிய அணுவும் புதிய சிறிய அணுவும் கலந்து கிடக்கின்றன. இது குத்துமதிப்பான கணக்குதான். உறுதி செய்ய ஃபெரிட்டின் பரிசோதனை வேண்டும். எம்.சி.எச். குறைந்திருப்பதும் இதே கதையைத்தான் சொல்கிறது.

அடுத்து வெள்ளையணு. மொத்தம் 7,200, நான்காயிரத்துக்கும் பதினோராயிரத்துக்கும் இடையில் இருப்பதால் நல்லதுதான். அதன் கீழே ஐந்து வகைகளும் சதவீதத்தில் இருக்கும். சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது. ஒன்று குறைந்தால் மற்றொன்று ஏறியதுபோலத் தோன்றும். மொத்தத்தோடு பெருக்கிப் பாருங்கள். அக்காவுக்கு ஈசினோஃபில் 13 சதவீதம், அதாவது 936. ஏறக்குறைய 500-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். தும்மல், ஆஸ்துமா போன்ற ஒவ்வாமையிலும் அது ஏறும், குடல் புழுவிலும் ஏறும்.

"அக்கா, வயலுக்குச் செருப்புப் போட்டுட்டுப் போவீங்களா?"

"சேத்துல எங்க தம்பி செருப்பு?"

கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் பற்றிக்கொண்டு ரத்தம் குடிக்கும். அப்படியானால் இரும்புக் குறைவுக்கும் ஈசினோஃபிலுக்கும் ஒரே காரணம் இருக்கலாம். மாதவிடாயில் அதிகம் போகிறதா என்பதையும் கேட்காமல் விடக் கூடாது.

கடைசியாகத் தட்டணு, 4.6 லட்சம். நாலு லட்சத்தைச் சற்றே தாண்டியிருக்கிறது. இரும்பு குறைந்தவர்களுக்கு இப்படி ஏறுவது உண்டு. இந்த வரியில் மிரட்டுவது பெரும்பாலும் குறைந்த எண்தான். காய்ச்சலோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்குத் தட்டணு திடீரென்று குறைவாகக் காட்டினால், ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்தால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். இயந்திரத்துக்கு அந்தக் கொத்தைத் தனித்தனியாக எண்ணத் தெரியாது. கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் டெங்குக் காலத்தில், காய்ச்சலோடு குறைந்தால், உடனே மருத்துவரிடம் போங்கள்.

அக்காவின் ஏழு எண்களில் ஈசினோஃபில் தவிர்த்த ஆறும் இரும்புக் குறைவு ஒன்றிலேயே அடங்கின. ஃபெரிட்டினும் மலப் பரிசோதனையும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன். போகும்போது பழைய அறிக்கை ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன், 9.4 என்பது பன்னிரண்டிலிருந்து இறங்கியதா, எட்டிலிருந்து ஏறியதா என்று இந்தத் தாளில் இல்லை.