கைப்பட்டை காட்டாத அழுத்தங்கள்

முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு மாடி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்குகிறது. சாயங்காலமானால் கால் வீங்குகிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது ஒருமுறை மயங்கியும் விழுந்திருக்கிறார். கையில் பட்டை கட்டிப் பார்த்தால் 110/70. "பிரஷர் நார்மல்தான், ரத்தசோகையாக இருக்கும்" என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். பல மாதம் கழித்து எக்கோ எடுக்கும்போதுதான் தெரிகிறது, இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனியில் அழுத்தம் இயல்பைப்போல் மூன்று மடங்கு இருக்கிறது என்று. கையில் பார்த்த 110/70 சரியான அளவுதான். ஆனால் அது வேறு ரத்த ஓட்டத்தின் அளவு.

இதயத்தின் இடது பக்கம் உடல் முழுவதற்கும் ரத்தம் அனுப்புகிறது. வலது பக்கம் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிறது. ஓய்வாக இருக்கும்போது இரண்டும் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகின்றன. அளவு ஒன்றே என்றாலும் அழுத்தத்தில் பெரிய வித்தியாசம். 120/80 என்றால் உடல் தமனிகளில் சராசரி அழுத்தம் 93 மி.மீ. பாதரசம். நுரையீரல் தமனியிலோ சராசரி சுமார் 14தான். காற்றறைகளைச் சுற்றியுள்ள தந்துகிகளின் சுவர் மிக மெல்லியது. பிராணவாயு உள்ளே வர வேண்டுமென்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அங்கே அழுத்தம் கூடினால் நீர் கசிந்து காற்றறையில் தேங்கிவிடும். அதனால் இயற்கை அந்தப் பாதையை அகலமாகவும் தடையில்லாமலும் வைத்திருக்கிறது. குறைந்த அழுத்தத்துக்கு ஏற்றாற்போல் வலது கீழறையின் தசையும் மெல்லியதே.

நுரையீரல் தமனியின் சராசரி 20ஐத் தாண்டினால் அதை நுரையீரல் உயர் அழுத்தம் என்கிறார்கள். கையில் 20 என்றால் உயிரே இருக்காது. அங்கே 20 என்பதே அதிகம். காரணம் ஆளுக்கு ஆள் மாறும். சிறு தமனிகளின் சுவரே தடித்துச் சுருங்கலாம். எப்போதோ போய் அடைத்த ரத்தக்கட்டி கரையாமல் தழும்பாக நிற்கலாம். நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கலாம். இடது பக்கத்துக் கோளாறால் ரத்தம் பின்னால் தேங்கியும் அழுத்தம் ஏறலாம். நம் ஊரில் இதை மறக்கக் கூடாது: சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கிய எத்தனையோ பேருக்கு, அந்த வால்வைச் சரிசெய்தாலே நுரையீரல் அழுத்தம் வெகுவாக இறங்கும். தழும்பான கட்டியைச் சிலருக்கு அறுவை சிகிச்சையில் உரித்தெடுக்க முடியும். சிறு தமனிகள் சுருங்கியவர்களுக்குத் தனி மருந்துகள் உண்டு. அதே மருந்தை இடது பக்கக் கோளாறு உள்ளவருக்குக் கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம்.

எக்கோ தருவது ஒரு மதிப்பீடுதான். கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயை வலது இதயத்துக்குள் செலுத்தி நேரடியாக அளந்தால்தான் உறுதியாகும். ஜெர்மனியின் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் 1929இல் தன் கைச் சிரை வழியாகத் தன் இதயத்துக்கே அப்படியொரு குழாயைச் செலுத்திக் காட்டியதிலிருந்து வளர்ந்த முறை இது. 1956இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.

சாதாரண பிரஷர் மாத்திரை இந்தப் பெண்ணுக்கு ஏன் உதவாது? அது உடல் தமனிகளைத்தான் பெரிதும் தளர்த்தும். நுரையீரல் பாதை அடைபட்டிருப்பதால் இதயத்தால் கூடுதலாக ரத்தம் அனுப்பி ஈடுகட்ட முடியாது. கையின் அழுத்தம் மட்டும் இறங்கும். திணறிக்கொண்டிருக்கும் வலது கீழறைக்கு ரத்தம் கொடுக்கும் தமனிகள் மகாதமனியிலிருந்து பிரிபவை. அங்கே அழுத்தம் இறங்கினால் அந்தத் தசையே பட்டினி கிடக்கும். சோதனையில் தேறிய ஒரு சிறு பிரிவினருக்கு மட்டுமே அம்மாத்திரைகளில் ஒரு வகை பயன்படுகிறது.

மண்டைக்குள் ஏறும் அழுத்தமும் இதே எச்சரிக்கையைத்தான் தருகிறது. அங்கே ஆபத்து இன்னும் விரைவாக வரும். மண்டையோடு விரியாது. அதற்குள் மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஒன்று கூடினால் மற்றது குறைந்தாக வேண்டும். முதலில் நீர் முதுகெலும்புக் குழாய்க்குள் ஒதுங்கும், சிரை ரத்தம் வெளியேறும். அதுவரை அழுத்தம் அதிகம் ஏறாது. ஒதுங்க இடம் தீர்ந்த பிறகு ஒரு சில மில்லிலிட்டர் கூடினாலும் செங்குத்தாக ஏறும். படுத்திருக்கும் பெரியவருக்கு இயல்பு 7 முதல் 15 வரை. 20, 22ஐத் தாண்டி நின்றால் சிகிச்சை வேண்டும்.

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவர் நினைவின்றிக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 170/95. நாடி 48. மூச்சு ஒழுங்கில்லை. பார்ப்பவர் முதலில் பிரஷரைக் குறைக்கத்தான் நினைப்பார். கணக்கைப் பாருங்கள். கீழ் எண்ணோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் சராசரி 120. மண்டைக்குள் 45 என்றால் மூளைக்கு ரத்தத்தைத் தள்ள மிச்சமிருப்பது 75. மூளை பிழைத்திருக்கப் போதும். இப்போது ஊசி போட்டு 120/75க்கு இறக்கினால் சராசரி 90. அதில் 45 போக மிச்சம் 45. மருத்துவர்கள் 60க்குக் கீழே போகவிட விரும்பாத எண் அது. கையில் அழகான பிரஷர், தலைக்குள் ரத்தம் போதாத மூளை.

அந்த 170 நோயல்ல, நசுங்கும் மூளை தனக்கு ரத்தம் வர வேண்டி உடலைக் கொண்டு ஏற்றிய அழுத்தம். உயர்ந்த பிரஷர், குறைந்த நாடி, தடுமாறும் மூச்சு ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால் மூளைத் தண்டு அழுந்துகிறது என்று பொருள். நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்தது இது. இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. குறைக்க வேண்டியது மண்டைக்குள் உள்ள அழுத்தத்தை: தலைமாட்டை 30 டிகிரி உயர்த்துவது, கழுத்து மடங்காமல் வைப்பது, மானிட்டால் ஏற்றுவது, ஸ்கேனில் ரத்தக்கட்டு தெரிந்தால் திறந்து எடுப்பது. மூளைக்குள்ளேயே ரத்தம் கசியும் பக்கவாதத்தில் பிரஷரையும் அளவோடு குறைப்பார்கள். அது ஸ்கேன் பார்த்த பின் எடுக்கும் முடிவு.

அடிபடாமலும் இது வரும். உடல் எடை கூடிய இளம் பெண்களுக்குக் கட்டி எதுவுமில்லாமலே தலைக்குள் அழுத்தம் ஏறுவதுண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் மூளையின் சிரையில் ரத்தம் உறைந்தும் ஏறலாம். தலைவலி படுத்தால் கூடும், விடியற்காலையில் எழுப்பும். குனிந்தால் சில நொடி கண் இருட்டும். காதில் நாடித் துடிப்பே ஓசையாகக் கேட்கும். கைப்பட்டை பெரும்பாலும் எதையும் காட்டாது. கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தால் பார்வை நரம்பின் முனை வீங்கியிருப்பது தெரியும். கவனிக்காமல் விட்டால் பார்வை நிரந்தரமாகப் போகும்.

மூச்சு வாங்குவது நீடித்தால், கையில் பிரஷர் சரியாக இருந்தாலும் எக்கோ வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வாந்தியோடு வரும் விடியற்காலைத் தலைவலியும் குனிந்தால் இருட்டும் பார்வையும் இருந்தால் அன்றைக்கே கண்ணின் உட்புறத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டு நினைவிழந்தவருக்கு, எண் எவ்வளவு இருந்தாலும், வீட்டிலிருக்கும் பிரஷர் மாத்திரையைக் கொடுக்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.