ஒரே தெரு, மூன்று கணக்கு

உள்நாட்டு உற்பத்தி, தேசிய வருமானம், செலவிடத்தக்க வருமானம்: இந்த மூன்றின் இலக்கணங்களையும் மனப்பாடம் செய்த மாணவர்கள்கூடத் தேர்வில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதிவிடுகிறார்கள். சொற்கள் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன. புதுச்சேரியில் இவற்றை ஒரே தெருவில் வைத்துப் பிரித்துக் காட்டலாம்.

அடுத்தடுத்து மூன்று வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் வீட்டுக்காரர் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். இரண்டாம் வீட்டு அம்மையார் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் எழுத்தர். பிறந்து வளர்ந்தது எல்லாம் இவ்வூரில்தான். மூன்றாம் வீட்டுப் பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஒப்பந்தம் இடமளித்தது. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் பிறந்தவர் இவர். மூவருக்கும் மாதம் 40,000 ரூபாய் வருகிறது என்று கொள்வோம்.

முதலில் உள்நாட்டு உற்பத்தி. இங்கே கேள்வி ஒன்றே ஒன்று: வேலை எந்த எல்லைக்குள் நடந்தது? லேத்காரரின் உழைப்பு இந்தியாவுக்குள் நடந்தது. அவருடைய 40,000 சேரும். அம்மையாருடையது? துணைத் தூதரகம் நம் கடற்கரை நகரில்தானே இருக்கிறது என்பீர்கள். ஆனால் கணக்கியல் விதிப்படி, ஒரு நாட்டின் தூதரகம் எங்கே இருந்தாலும் அது அந்த நாட்டின் பொருளாதார எல்லையைச் சேர்ந்தது. ஆகவே அவர் தினமும் காலையில் நடந்தே பிரான்சுக்கு வேலைக்குப் போய், மாலையில் திரும்புகிறார்! அவருடைய சம்பளம் நம் உள்நாட்டு உற்பத்தியில் சேராது.

தேசிய வருமானத்தில் கேள்வி மாறுகிறது: உழைத்தவர் எந்த நாட்டில் வசிப்பவர்? குடியுரிமையை இங்கே யாரும் கேட்பதில்லை. ஓராண்டோ அதற்கு மேலோ எங்கே குடியிருந்து வாழ்க்கை நடத்துகிறார் என்பதே அளவுகோல். அம்மையார் இந்தியாவில் வசிப்பவர். எனவே அவர் சம்பளம் ‘வெளிநாட்டிலிருந்து பெறும் காரணி வருமானம்’ என்ற பெயரில் இப்போது உள்ளே வருகிறது. கூட்டுத்தொகை 80,000.

பெரியவரின் கடவுச்சீட்டு பிரெஞ்சு நாட்டினுடையது. இருந்தாலும் அவரும் நம் கணக்கில் இந்தியாவில் வசிப்பவரே. அப்படியானால் அவர் பணமும் தேசிய வருமானத்தில் சேர வேண்டாமா? சேராது. காரணம் கடவுச்சீட்டில் இல்லை, பணத்தின் தன்மையில் இருக்கிறது. ஓய்வூதியத்துக்கு ஈடாக இவ்வாண்டு அவர் எந்தப் பணியும் செய்யவில்லை. அது மாற்றுச் செலுத்துதல். “ஓய்வூதியம் என்பது தள்ளிவைத்த சம்பளம்தானே?” என்று கேட்கலாம், நல்ல கேள்வி. சில பாட வழிகாட்டிகளும் அப்படியே சொல்லி, அதை ஊதியத்தோடு சேர்த்துவிடுகின்றன. ஆனால் அவர் பணிபுரிந்த ஆண்டுகளிலேயே அந்த உழைப்பின் மதிப்பு பிரான்சின் கணக்கில் ஏறிவிட்டது. இப்போது மறுபடி சேர்த்தால் ஒரே உழைப்பை இருமுறை எண்ணியதாகும்.

ஆயினும் பெரியவர் கையில் பணம் இருக்கிறது. அதைக் கொண்டு அரிசி வாங்குகிறார், மருந்து வாங்குகிறார். இதற்காகத்தான் மூன்றாவது அளவு. தேசிய வருமானத்தோடு வெளிநாட்டிலிருந்து வந்த மாற்றுச் செலுத்துதல்களைக் கூட்டி, நாம் வெளியே அனுப்பியவற்றைக் கழித்தால் கிடைப்பது தேசியச் செலவிடத்தக்க வருமானம். நம் தெருவுக்கு அது 1,20,000. பணம் ஒன்றே, நாம் கேட்ட கேள்விகள்தாம் மூன்று.

இனி, பெரியவரின் ஓய்வூதியம் யூரோவாக வந்து வங்கியில் ரூபாயாக மாறும் இடத்தைப் பாருங்கள். “வெளிநாட்டுப் பணம் வந்தது, ஆகவே பண அளிப்பு கூடியது” என்று பலர் எழுதுவார்கள். வங்கி யூரோவை எடுத்துக்கொண்டு அவர் கணக்கில் 40,000 ரூபாய் வரவு வைத்தது. அந்தக் கணத்தில் வைப்புத்தொகை கூடியது உண்மை. ஆனால் மறுநாள் அதே யூரோவை, பிரான்சிலிருந்து இயந்திரம் தருவிக்கும் ஒருவருக்கு வங்கி விற்றால், அவர் கணக்கிலிருந்து ரூபாய் கழிந்துவிடும். மொத்தத்தில் மாற்றமில்லை. யூரோவை ரிசர்வ் வங்கி வாங்கித் தன் கையிருப்பில் வைத்துக்கொண்டால்தான் கூடிய பணம் நிலைக்கும்; அப்போதும் ரிசர்வ் வங்கி வேறு வழியில் அதை உறிஞ்சிக்கொள்ளலாம்.

பெரியவர் தம் கணக்கிலிருந்து 10,000 ரூபாயை நோட்டாக எடுத்தால் பண அளிப்பு குறையுமா? குறையாது. கேட்டவுடன் எடுக்கக்கூடிய வைப்பும், மக்கள் கையிலுள்ள நோட்டும் சேர்ந்ததுதான் எம்-1. ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போயிற்று, அவ்வளவே. அதே 10,000-ஐ ஓராண்டுக் கால வைப்பில் போட்டால் எம்-1 குறையும். கால வைப்பையும் உள்ளடக்கிய எம்-3 மாறாது. (சேமிப்புக் கணக்கின் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கி கால வைப்பாகவே எண்ணுகிறது, எளிமைக்காக அதை இங்கே விட்டுவிட்டேன்.)

இன்னொன்றும் கவனியுங்கள். வருமானத்தைச் சொல்லும்போது ‘மாதம் 40,000’ என்றோம். பண அளிப்பைச் சொல்லும்போது ‘இன்று மாலை இவ்வளவு’ என்போம். குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது ஒன்று, தொட்டியில் இப்போது எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது வேறொன்று. ஒரே ரூபாய் நோட்டு மாதத்தில் பத்துக் கைகள் மாறிப் பத்துப் பேருக்கு வருமானமாகலாம். பண அளிப்பில் அது ஒரு நோட்டுத்தான்.

இப்போது நீங்களே ஒன்றைக் கணக்கிடுங்கள். பாரீசிலிருந்து மாற்றலாகித் துணைத் தூதரகத்துக்கு வந்த பிரெஞ்சு அதிகாரி, புதுச்சேரிக் கடையில் 500 ரூபாய்க்குத் துணி வாங்குகிறார். அவர் எத்தனை ஆண்டு இங்கே தங்கினாலும் கணக்கில் பிரான்சில் வசிப்பவரே. ஆகவே அந்தத் துணி கப்பலேறாமலே இந்தியாவின் ஏற்றுமதியாகிவிடுகிறது. அவருடைய சம்பளம் மேற்சொன்ன மூன்று கணக்குகளில் எதில் சேரும்?