‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்ற ஒரு வரி போதுமா?

தமிழ்நாட்டில் எழுதப்படும் கிரயப் பத்திரங்களில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: ‘மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் ஏற்பட்டால் என் இதர சொத்துகளைக் கொண்டு நானே தீர்த்துத் தருகிறேன்.’ அதைப் படித்ததும் வாங்குபவருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அந்த வரி எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பது பிரச்சினை வந்த பிறகுதான் தெரியும்.

ஒரு கற்பனை உதாரணம். திருச்சியில் ஒருவர் 40 லட்ச ரூபாய்க்கு வீடு வாங்குகிறார். 30 வருட வில்லங்கச் சான்றில் கடன் எதுவும் இல்லை. ஒரிஜினல் தாய்ப் பத்திரம் தொலைந்துவிட்டது என்று சொல்லி, விற்பவர் சர்டிஃபைடு நகலைத் தருகிறார். இரண்டு வருடம் கழித்து வீட்டுச் சுவரில் ஒரு வங்கி நோட்டீஸ் ஒட்டுகிறது. விற்றவர் தன் தம்பியின் தொழில் கடனுக்கு ஜாமீன் நின்று, அந்த ஒரிஜினலை வங்கியில் கொடுத்து வைத்திருக்கிறார். பாக்கி 9 லட்சம்.

பத்திரத்தை ஒப்படைத்தாலே இந்த வகை அடமானம் செல்லும். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இன் 58-ஆவது பிரிவு இதை ஏற்கிறது. அப்படி ஒப்படைத்ததைப் பதிவு செய்யாமல் விட்டால் வில்லங்கச் சான்றில் வராது. அதனால் ‘ஒரிஜினல் தொலைந்துவிட்டது’ என்ற பேச்சு வந்தாலே உஷாராக வேண்டும். வங்கிகள் தங்கள் அடமானங்களைப் பதியும் செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தில், சிறு கட்டணம் கட்டி யாரும் தேடலாம்.

அதே சட்டத்தின் 55-ஆவது பிரிவு, பத்திரத்தில் எழுதாவிட்டாலும், கிரயத்தன்று உள்ள கடன்களைத் தீர்க்கும் பொறுப்பை விற்பவர் மீது வைக்கிறது. ஆனால் ‘கடனுக்கு உட்பட்டு’ என்று எழுதி விற்றால் அந்தப் பொறுப்பு போய்விடும். சொத்தில் உள்ள குறையைச் சொல்லும் கடமைக்கும் ஒரு வரம்பு உண்டு. வாங்குபவர் சாதாரண கவனத்தோடு கண்டுபிடித்திருக்கக் கூடியதை விற்பவர் சொல்லாமல் விட்டாலும், அது சட்டப்படி குற்றமாகாது. ‘ஒரிஜினல் இல்லை என்று தெரிந்தும் நீங்கள் ஏன் விசாரிக்கவில்லை?’ என்று அவர் வாதாடலாம். பத்திரத்தில் வெளிப்படையாக எழுதி வாங்கிய உறுதிமொழிக்கு முன்னால் அந்த வாதம் எளிதில் எடுபடாது.

ஆகவே அந்த ஒற்றை வரியை மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும்.

முதலாவது, வரலாற்றுப் பகுதி. சொத்து விற்பவருக்கு எந்தப் பத்திர எண்ணின்படி வந்தது, ஒரிஜினல் யாரிடம் இருக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ‘மேற்படி ஒரிஜினலை எந்த வங்கியிலும், எந்தத் தனிநபரிடமும், எனக்காகவோ பிறருக்காகவோ ஈடாக வைத்ததில்லை’ என்று எழுதினால், திருச்சிக்காரருக்கு அந்த வாசகமே சாட்சி. பொய் என்று தெரிந்தே எழுதிப் பணம் வாங்கியிருந்தால், மோசடிப் புகார் கொடுக்கவும் அது உதவும்.

இரண்டாவது, உறுதிமொழி. அடமானம், ஜாமீன், கோர்ட் ஜப்தி, முந்தைய விற்பனை ஒப்பந்தம், வரி பாக்கி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, இவை எதுவும் இல்லை என்று எழுத வேண்டும். ஏற்கெனவே தெரிந்த கடன் இருந்தால் மறைக்க வேண்டாம். அதை எழுதி, கிரயத் தொகையிலிருந்து இவ்வளவு ரூபாய் டிடி மூலம் நேரே வங்கிக்குச் செலுத்தப்பட்டது என்று டிடி எண்ணையும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, ஈடுசெய்யும் பிரிவு. ‘நஷ்டத்தை ஈடு செய்வேன்’ என்று மட்டும் இருந்தால், வீடு கைவிட்டுப் போகும்வரை காத்திருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இடமுண்டு. ‘கோரிக்கை வந்தால் 30 நாளில் நானும் என் வாரிசுகளும் கட்டித் தீர்ப்போம், தவறினால் வாங்குபவர் கட்டிய அசல், வட்டி, வழக்குச் செலவு அனைத்தையும் தருவோம்’ என்று இருந்தால், 9 லட்சத்தை வங்கிக்குக் கட்டி வீட்டை மீட்டுவிட்டு, விற்றவர் மீது வழக்குப் போடலாம்.

இத்தனை எழுதினாலும் வங்கியை இந்தப் பத்திரம் கட்டுப்படுத்தாது. அது விற்பவர் கொடுத்த வாக்கு மட்டுமே. அவரிடம் சொத்து எதுவும் மிஞ்சாவிட்டால் தீர்ப்பு வாங்கியும் பயனில்லை. ‘என் இதர சொத்துகள்’ என்று பொதுவாக எழுதுவதால் எந்தச் சொத்தும் பிணையாகாது. சந்தேகம் இருந்தால், சர்வே எண்ணோடு ஒரு குறிப்பிட்ட சொத்தைப் பிணையாகக் காட்டித் தனி ஆவணமாகப் பதிந்துகொள்ள வேண்டும். அவர் மறுத்தால், ஒரிஜினல் கைக்கு வரும்வரை பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கலாம்.

பத்திர எழுத்தர் தரும் வரைவைப் பதிவு நாளன்று காலையில் பார்ப்பதில் பலனில்லை. ஒரு வாரம் முன்பே வாங்கி, இந்த மூன்று பகுதிகளும் இருக்கின்றனவா என்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஒரிஜினல் இல்லாத சொத்து என்றால், திருப்தியான விளக்கம் கிடைக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.