பிடித்துவிட்டால் விடாத சுற்று

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் 565 என்ற சிறிய ஐ.சி.யை வைத்து ஒரு சோதனை செய்வதுண்டு. உள்ளே தரும் சிக்னலை 14 கிலோஹெர்ட்ஸில் வைத்துவிட்டுச் சுற்றுக்கு மின்சாரம் கொடுத்தால், அது அந்த சிக்னலைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் 10 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல மெல்ல அதே 14க்கு ஏற்றினால், விடாமல் கூடவே வருகிறது.

இந்த ஐ.சி. ஒரு பேஸ் லாக்ட் லூப். அதன் ஆசிலேட்டர் தன்னிச்சையாக 10 கிலோஹெர்ட்ஸில் ஓடும்படி அமைத்திருப்பார்கள். வரும் சிக்னலும் ஆசிலேட்டரும் கட்டத்தில் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை ஒரு டிடெக்டர் மின்னழுத்தமாக மாற்றும். அது ஒரு ஃபில்டர் வழியே போய் ஆசிலேட்டரை இழுக்கும்.

பூட்டிக்கொண்ட பிறகு இரு அதிர்வெண்களும் ஒன்றே என்பதால் டிடெக்டர் தருவது நிலையான மின்னழுத்தம். ஃபில்டர் அதை முழுதாக விடுகிறது. சப்ளை கூட்டல் கழித்தல் 6 வோல்ட் என்றால், சுமார் 3.3 முதல் 16.7 கிலோஹெர்ட்ஸ் வரை பிடி தளராது. இதுவே லாக் ரேஞ்ச்.

பூட்டாத நிலை வேறு. 14க்கும் 10க்கும் இடையிலான 4 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம், டிடெக்டரிலிருந்து அலையாக வெளிவருகிறது. ஃபில்டர் கெபாசிட்டர் 1 மைக்ரோஃபாரட் என்றால், அது சுமார் 44 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை அடக்கத் தொடங்கிவிடும். இந்த அலையில் ஏறத்தாழ 90இல் ஒரு பங்குதான் ஆசிலேட்டரைச் சேரும். அவ்வளவு வலு போதாது. கணக்குப்படி 10 கிலோஹெர்ட்ஸின் இருபுறமும் சுமார் 540 ஹெர்ட்ஸ் நெருங்கினால்தான் பிடிக்கும். இது கேப்சர் ரேஞ்ச். கெபாசிட்டரைப் பத்தில் ஒரு பங்காக்கினால் அது சுமார் 1,700 ஹெர்ட்ஸாக விரியும். கூடவே இரைச்சலும் அதிகம் உள்ளே வரும்.

அந்த இரைச்சலால்தான் அடுத்த சிக்கல். இந்த வகை டிடெக்டரில் கட்டம் தன் நடுநிலையிலிருந்து 90 பாகைக்கு மேல் தள்ளப்பட்டால், இழுப்பு குறையத் தொடங்கும். 180ஐத் தாண்டினால் திசையே மாறும். அப்போது சுற்று பழைய இடத்துக்குத் திரும்பாமல் ஒரு முழுச் சுழற்சி நழுவி, அடுத்த நிலையான இடத்தில் போய் நிற்கும். இதுதான் சைக்கிள் ஸ்லிப். அலைக்காட்டியில் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் ஒருமுறை துள்ளிப் பழைய மட்டத்துக்கே வந்துவிடும். பூட்டு சரியாகத்தான் தெரியும். எண்ணிக்கையில் மட்டும் ஒன்று குறையும் அல்லது கூடும்.

ரேடியோவில் அது ஒரு சொடுக்குச் சத்தம், அவ்வளவுதான். ஜி.பி.எஸ். நில அளவையில் அப்படி விட முடியாது. எல்1 அலை 1575.42 மெகாஹெர்ட்ஸ், ஒரு சுழற்சி சுமார் 19 சென்டிமீட்டர். மரக்கிளை மறைத்தாலும், அயனி மண்டலம் கலங்கினாலும் நழுவல் நேரும். எல்2 அலையையும் சேர்த்து வாங்கும் கருவிகள் இரண்டு அலைகளின் தூர அளவுகளையும் கழித்துப் பார்க்கின்றன. செயற்கைக்கோளின் நகர்வு இரண்டுக்கும் பொது என்பதால் கழிந்துவிடும். அயனி மண்டலத்தால் வரும் வேறுபாடு பெரும்பாலும் மெதுவாகவே மாறும். அந்தக் கோட்டில் திடீரென ஒரு படி விழுந்தால், நழுவல் எந்த நொடியில் நேர்ந்தது என்பது தெரிந்துவிடும்.