ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்டால், முதலில் ஆஃபர் லெட்டரை எடுங்கள்

வேலையில் சேர்ந்தபோது கொடுத்த ஜாயினிங் போனஸை, ஒரு வருடம் முடியுமுன் விலகினால் திருப்பிக் கேட்பது ஐ.டி. கம்பெனிகளில் இப்போது சாதாரணமாகிவிட்டது. ஈமெயிலில் கடிதம் வருகிறது. ஏழு நாளில் இரண்டு லட்சம் கட்டுங்கள், தவறினால் சட்ட நடவடிக்கை என்று அதில் இருக்கும். வீட்டில் உம்மாவின் நகையை அடகு வைக்கலாமா என்று பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கம்பெனி கேட்கும் தொகையையும், பிள்ளை கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருக்கும் வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டும் பல நேரம் ஒத்துப் போவதில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தந்தை மகனோடு வந்தார். பையன் சென்னையில் ஒரு கம்பெனியில் 2024 ஜூன் 3 அன்று சேர்ந்தார். முதல் மாதச் சம்பளத்தோடு ஜாயினிங் போனஸ் 2,00,000 ரூபாய். வரிப் பிடித்தம் 41,600 போக 1,58,400 கைக்கு வந்தது. 2025 ஜனவரி 20 அன்று ராஜினாமா கொடுத்து, அறுபது நாள் நோட்டீஸ் பீரியடையும் முழுதாக வேலை பார்த்து, மார்ச் 20 அன்று வெளியே வந்தார். கணக்கு முடிக்கும்போது சேர வேண்டிய கடைசிச் சம்பளமும் விடுப்புப் பணமும் சேர்ந்து 71,000 ரூபாய். கம்பெனி அதை நிறுத்திவைத்துக்கொண்டு, மீதி 1,29,000 கட்டச் சொன்னது. அதாவது போனஸ் முழுவதும் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

ஆஃபர் லெட்டரின் மூன்றாம் பக்கத்தில் போனஸ் பற்றிய பத்தி இருந்தது. அதன் கருத்து இதுதான்: சேர்ந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் ஊழியர் தாமாக ராஜினாமா செய்தாலோ, ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டாலோ, போனஸ் ப்ரோ ரேட்டா அடிப்படையில் திரும்பப் பெறப்படும்; வேலை பார்த்த முழு மாதங்கள் கடைசி வேலைநாள் வரை கணக்கிடப்படும்.

இந்தப் பத்தியில் மூன்று சொற்களை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். முதலாவது 'ப்ரோ ரேட்டா'. பார்த்த காலத்துக்கு ஏற்பக் குறைத்து, மீதிக் காலத்துக்கு மட்டும் என்று பொருள். இந்தச் சொல் இருந்தால் முழுத் தொகையும் கேட்க முடியாது. இரண்டாவது 'கடைசி வேலைநாள்'. ராஜினாமா கொடுத்த நாளிலிருந்தே சிலர் எண்ணிவிடுவார்கள். ஜனவரி 20 வரை எண்ணினால் ஏழு முழு மாதம்தான் வரும். மீதி ஐந்து மாதத்துக்கு 83,333 ரூபாய். மார்ச் 20 வரை எண்ணினால் ஒன்பது முழு மாதம், மீதி மூன்று மாதத்துக்கு 50,000 ரூபாய். ஒரு சொல்லில் முப்பத்து மூவாயிரம் மாறுகிறது. மூன்றாவது, 'தாமாக ராஜினாமா'. கம்பெனியே ஆட்குறைப்பு செய்து அனுப்பியிருந்தால் இந்தப் பத்தி பொருந்தாது. ஆனால் 'எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும்' என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. ஆட்குறைப்பை ராஜினாமா என்று எழுதித் தரச் சொல்லும்போது நம் பிள்ளைகள் யோசிக்காமல் எழுதிக் கொடுப்பதும் இங்கேதான் வினையாகிறது.

ஆஃபர் லெட்டருக்குப் பிறகு அப்பாயின்ட்மென்ட் லெட்டர் என்று இன்னொன்றும் வந்திருக்கும். முன்பு பேசியதெல்லாம் இதனால் ரத்து என்று அதில் ஒரு வரி இருந்தால், பின்னதுதான் செல்லும். இரண்டையும் தேடி எடுங்கள். எச்.ஆர். 'இது கம்பெனி பாலிசி' என்று சொன்னால், அந்தப் பாலிசி எந்தப் பத்தியில் குறிப்பிடப்பட்டிருக்கிறது, எந்தத் தேதியில் நடப்பில் இருந்தது என்று கேளுங்கள். சேர்ந்த பிறகு மாற்றிய பாலிசியைக் காட்டிப் பழைய போனஸைக் கேட்பதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

பையனிடம் போனில் பேச வேண்டாம் என்றோம். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. சுருக்கமாக ஓர் ஈமெயில் போதும். அவர் எழுதியது இவ்வளவுதான்: ஆஃபர் லெட்டரின் இன்ன பத்திப்படி ஒன்பது மாதம் முடிந்துவிட்டது, மூன்று மாதத்துக்கு 50,000 மட்டுமே திருப்ப வேண்டும், அதை நிறுத்திவைத்த 71,000-இல் கழித்துக்கொண்டு 21,000-ஐ அனுப்புங்கள். முழுத் தொகை கேட்பதற்கு வேறு பத்தி இருந்தால் அதன் நகலைத் தாருங்கள். ரிலீவிங் லெட்டரையும் அனுப்புங்கள். கடிதத்தோடு அந்தப் பக்கத்தின் நகலை இணைத்தார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகு கம்பெனி கணக்கைத் திருத்தி, 21,000-ஐயும் ரிலீவிங் லெட்டரையும் அனுப்பியது.

ஐம்பதாயிரத்தை அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது கையெழுத்துப் போட்ட கடன், கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு பைசாவும் தர மாட்டேன் என்று நின்றிருந்தால் சரியான வாதமும் எடுபடாமல் போயிருக்கும்.

வரி விஷயம் ஒன்று. போனஸ் வாங்கியதும் திருப்பியதும் ஒரே நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச்சுக்குள் நடந்தால், திருப்பிய தொகையைச் சம்பளத்தில் குறைத்து டி.டி.எஸ். சான்றிதழ் கொடுக்கும்படி கம்பெனியிடம் கேளுங்கள். இந்தப் பையனுக்கு அப்படித்தான் ஆயிற்று. மார்ச்சைத் தாண்டிவிட்டால் சிக்கல். கைக்கு வராத வரிப் பணத்தையும் சேர்த்துத் திருப்ப வேண்டிவரும். அப்போது, பிடித்தம் போகக் கிடைத்ததில்தான் கணக்கிட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். லெட்டரில் 'மொத்தத் தொகை' என்று எழுதியிருந்தால் அந்தக் கோரிக்கை பலவீனமானது.

லெட்டரில் 'முழுத் தொகையும்' என்று தெளிவாக இருந்தால் என்ன செய்வது? உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: அங்கே பிடிமானம் குறைவு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டைத்தான் கோர்ட் தரும் என்கிறது. ஆனால் போனஸைத் திருப்புவது அபராதம் அல்ல, கொடுத்த முன்பணம்தான் என்று கம்பெனி வாதிடும். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குமுன் விலகிய அதிகாரி 2 லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே சொன்னது. அது போனஸ் வழக்கு அல்ல, அரசு வங்கியின் ஆள்சேர்ப்புச் செலவு பற்றியது. என்றாலும், கையெழுத்தை லேசாக நினைக்க முடியாது என்பதற்கு அதுவே போதும். இந்த நிலையில் பத்து மாதம் உழைத்ததைச் சொல்லித் தொகையைக் குறைக்கவோ தவணையாக்கவோ கேட்பதே நடைமுறை வழி. புதிய வேலையில் சேரும் பிள்ளைகள், அந்தக் கம்பெனி இந்தத் தொகையை ஏற்குமா என்று சேருமுன் கேட்பதும் உண்டு, சில கம்பெனிகள் ஏற்கின்றன.

கம்பெனி கடிதம் கோர்ட் உத்தரவு அல்ல. இது சிவில் விவகாரம், பணம் வேண்டுமானால் அவர்கள் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். பி.எஃப். பணத்தில் இதைக் கழிக்கவும் முடியாது. வக்கீல் நோட்டீஸ் வந்தால் மட்டும் பதில் எழுதாமல் இருக்கக் கூடாது. வேறு வழியின்றிப் பணம் கட்டினால், 'என் ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று ஈமெயிலில் எழுதிவிட்டுக் கட்டுங்கள். பெண் பிள்ளைகளுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். கடிதம் வந்தவர்கள் ஆஃபர் லெட்டர், அப்பாயின்ட்மென்ட் லெட்டர், போனஸ் வந்த மாதச் சம்பளச் சீட்டு, ராஜினாமா ஈமெயில் ஆகியவற்றோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தால், சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.