சாய்ந்த படத்தில் சென்னையின் மழை

புவியியல் புத்தகத்தில் சென்னையின் தட்பவெப்ப வரைபடத்தைச் செல்போனில் படம் பிடித்து வைத்திருக்கிறீர்கள். கீழே பன்னிரண்டு மாதங்கள், ஒவ்வொன்றின்மேலும் மழையைக் காட்டும் ஒரு பட்டை, பட்டைகளுக்குக் குறுக்கே வெப்பநிலையைக் காட்டும் ஒரு கோடு. இடது ஓரத்தில் மழைக்கான அளவு மில்லிமீட்டரில், வலது ஓரத்தில் வெப்பத்துக்கான அளவு செல்சியஸில். படத்தில் நவம்பருக்கும் அக்டோபருக்கும் உள்ள உயர வேறுபாடு உண்மையைவிடக் குறைவாகத் தெரிகிறது. அப்படியே எழுதிக்கொண்டால் சென்னையின் முதன்மையான மழை மாதத்தைக் குறைத்து மதிப்பிட்டிருப்பீர்கள்.

பிழை போனைப் பிடித்த கோணத்தில் இருக்கிறது. இடப்பக்கம் நின்று சாய்வாகப் படம் எடுத்தால் வலப்பக்கம் தூரமாகிச் சுருங்கும். சென்னையின் பெருமழை முழுவதும் வலக்கோடியில், ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் நிற்கிறது. எனவே சுருக்கத்தின் பாதிப்பு சரியாக அந்தப் பட்டைகள்மேல் விழுகிறது. ஆகவே பட்டைகளின் உயரத்தை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். பட்டையின் தலையிலிருந்து கட்டக்கோட்டைப் பின்பற்றி இடது ஓர எண்ணுக்கு வாருங்கள். பட்டை எவ்வளவு சுருங்கியதோ அதே அளவு அங்கே கட்டக்கோடுகளும் நெருங்கியிருக்கும் என்பதால் விடை கெடாது.

கட்டக்கோடே இல்லாத படமானால் இரண்டு ஓரங்களும் கைகொடுக்கும். இடப்பக்கம் 0 முதல் 400 வரையும், வலப்பக்கம் 0 முதல் 40 வரையும் இருந்தால், 300 மில்லிமீட்டரும் 30 டிகிரியும் அச்சில் ஒரே மட்டத்தில்தான் இருந்திருக்கும். அவை இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள். படத்தில் அது சரிவாக விழுந்தாலும் அதுதான் உண்மையான 300. இப்படிப் பார்த்தால் அக்டோபர் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும். நவம்பர் அதைத் தாண்டி 400-ஐத் தொடும்.

அடுத்து வெப்பக்கோடு. ஜனவரியில் சுமார் 25 டிகிரி, மே மாதத்தில் சுமார் 33. ஆண்டு முழுவதற்கும் ஏற்ற இறக்கம் 8 டிகிரிதான். கோட்டின் உச்சி ஆண்டின் நடுவில் இருப்பதால் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது என்றும் தெரிகிறது; தெற்கே இருந்தால் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். கோடு இவ்வளவு தட்டையாக இருக்கும் ஊரின் பருவங்களை வெப்பத்தை வைத்துப் பிரிக்க முடியாது. மழையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

நவம்பர்ப் பட்டை வெப்பக்கோட்டையே ஊடுருவி மேலே போவதைப் பார்த்து, 'கோட்டைத் தாண்டிய மாதமெல்லாம் ஈரம், மற்றவை வறட்சி' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அந்த விதி, 10 டிகிரிக்கு நேராக 20 மில்லிமீட்டர் வரும்படி வரைந்த படத்துக்கே பொருந்தும். நம் படத்தில் 10 டிகிரிக்கு நேராக 100 மில்லிமீட்டர் இருக்கிறது. அதனால் வெப்ப எண்ணை இரட்டித்து மழையோடு ஒப்பிடுங்கள். ஜனவரியில் 25-இன் இரட்டிப்பு 50; மழை அதில் ஏறக்குறைய பாதிதான், எனவே வறண்ட மாதம். ஜூலையில் 31-இன் இரட்டிப்பு 62. மழையோ 100-ஐ ஒட்டி வருகிறது, எனவே ஈர மாதம். படத்தில் ஜூலைப் பட்டை கோட்டுக்கு வெகு கீழே கிடந்தாலும் விடை இதுதான்.

இப்போது பருவங்களை எழுதலாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பட்டைகள் தரையோடு தரையாக இருக்கின்றன. வெப்பம் மட்டும் ஏறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பட்டைகள் படிப்படியாக உயர்கின்றன. அது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம் என்றாலும் மேற்குத்தொடர்ச்சி மலை அதன் ஈரத்தைப் பெருமளவு முன்பே வாங்கிவிடுவதால், சென்னைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் பெய்யும் இடிமழை. அக்டோபரில் காற்று திசைமாறி வங்கக்கடலின் ஈரத்தோடு வடகிழக்கிலிருந்து வருகிறது. காற்றழுத்தத் தாழ்வுகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆண்டு மழையான சுமார் 1400 மில்லிமீட்டரில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு அக்டோபர், நவம்பர், டிசம்பரில் பெய்துவிடுகிறது.

ஆனால் ஒவ்வொரு பட்டையும் பல ஆண்டுகளின் சராசரி. வழக்கமாக முப்பது ஆண்டுகளுடையது. டிசம்பர்ப் பட்டை 200 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் சுமார் 490 மில்லிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு நாள் எந்தப் பட்டையிலும் தெரியாது.

படம் எடுக்கும்போது தலைப்பையும் அடிக்குறிப்பையும் வெட்டிவிடாதீர்கள். எந்த நிலையத்தின், எந்த ஆண்டுகளின் சராசரி என்பது அங்கேதான் அச்சாகியிருக்கும்.