இருதய மின்வரைபடம்: வாய்மொழிக் குறிப்பை அறிக்கையாக்கும் முறை

ஈ.சி.ஜி. என வழங்கும் இருதய மின்வரைபடத்தைக் காணும் மருத்துவர், தம் கண்ணில் முதலில் பட்டதை முதலிற் சொல்வது இயல்பு. அறிக்கையோ எந்நோயாளிக்கும் ஒரே வரிசையில் அமைதல் வேண்டும்: வீதம், தாளம், அச்சு, இடைவெளிகள், இறுதியில் கருத்து. சுகாதார நிலையத்தில் எடுத்த வரைபடத்தைத் தொலைவிலுள்ள மருத்துவர் பார்த்து, தொலைபேசியில் கூறுவதைப் பணியாளர் எழுதிக்கொள்ளும்போது இம் மாற்றம் நிகழ்கின்றது. பிழைகள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே புகுகின்றன.

வரைபடத் தாள் வழக்கமாக வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகின்றது. ஆகவே, ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு கட்டம் 0.04 வினாடியை, அதாவது 40 மில்லி வினாடியைக் குறிக்கும். ஒரு நிமிடத்தில் 1500 சிறு கட்டங்கள் கடந்து செல்லும். பி அலை இருதய மேலறைகளின் இயக்கத்தையும், க்யூ.ஆர்.எஸ். கீழறைகளின் இயக்கத்தையும், டி அலை கீழறைகள் மீண்டும் பழைய நிலையை அடைவதையும் காட்டுவன.

எடுத்துக்காட்டாக, 58 வயதுள்ள ஆண் ஒருவரின் வரைபடத்தைப் பற்றி மருத்துவர் பின்வருமாறு கூறுவதாகக் கொள்வோம்: “பி.ஆர். சற்று நீளம், ஆறு கட்டம். அச்சு இடப்பக்கம், நாற்பத்தைந்து. சைனஸ் தாளந்தான். க்யூ.ஆர்.எஸ். இரண்டு கட்டம். க்யூ.டி. நானூறு, சரி. ஆர்-ஆர் பதினாறு கட்டம்.”

முதலில் வீதம். அடுத்தடுத்த இரண்டு ஆர் முனைகளுக்கு இடையே 16 சிறு கட்டங்கள் உள்ளன. 1500-ஐ 16-ஆல் வகுக்க, நிமிடத்திற்கு ஏறத்தாழ 94 துடிப்புக்கள் எனக் கிடைக்கும். தாளம் ஒழுங்காக இருந்தால் மட்டுமே இக் கணக்கு பொருந்தும். ஒழுங்கற்ற தாளமாயின், பத்து வினாடிப் பகுதியிலுள்ள க்யூ.ஆர்.எஸ்.களை எண்ணி ஆறால் பெருக்க வேண்டும். இங்குத் தாளம் சைனஸ் என்று கூறப்பட்டுள்ளது. ஒவ்வொரு க்யூ.ஆர்.எஸ்.-க்கு முன்னும் பி அலை இருப்பதும், இரண்டாம் லீடில் அது மேல்நோக்கி நிற்பதும் அதன் அடையாளங்கள்.

அடுத்தது அச்சு. “நாற்பத்தைந்து” என்று கேட்டதை அப்படியே 45 என எழுதினால், அது இயல்பான அச்சாகிவிடும். ஏனெனில், வயது வந்தோர்க்கு −30 பாகை முதல் +90 பாகை வரை இயல்பானதே. “இடப்பக்கம்” என்ற சொல்லோ வேறொன்றைக் கூறுகின்றது. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் இயலாது. வரைபடத்தில் க்யூ.ஆர்.எஸ். முதல் லீடில் மேல்நோக்கியும், ஏ.வி.எப். லீடிலும் இரண்டாம் லீடிலும் கீழ்நோக்கியும் இருப்பின், அச்சு −30 பாகையைக் கடந்து இடப்பக்கம் சாய்ந்துள்ளது என்று அறியலாம். சொல்லாமல் விட்டது கழித்தற் குறியே. ஆயினும், மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்த பின்னரே −45 என எழுதுதல் வேண்டும்.

இடைவெளிகளுள் பி.ஆர். ஆறு கட்டம், அதாவது 240 மில்லி வினாடி. இது 200-ஐ மீறுவதால் நீண்டதே. க்யூ.ஆர்.எஸ். 80, இது இயல்பானது. க்யூ.டி. 400 என்னும் எண்ணிலேதான் ஆபத்து மறைந்திருக்கின்றது. துடிப்பு விரைந்தால் க்யூ.டி. குறுக வேண்டும், ஆதலின், வீதத்திற்கு ஏற்பத் திருத்திய அளவே மதிப்பிடத் தக்கது. பாசெட் 1920-இல் தந்த முறைப்படி, க்யூ.டி.-யை வினாடியில் கூறிய ஆர்-ஆர் இடைவெளியின் வர்க்கமூலத்தால் வகுத்தல் வேண்டும். இங்கு ஆர்-ஆர் 0.64 வினாடி, அதன் வர்க்கமூலம் 0.8, திருத்திய க்யூ.டி. 500 மில்லி வினாடி. ஆண்களுக்கு 450-ம், பெண்களுக்கு 460-ம் எட்டினாலே நீண்டது எனக் கொள்வர். 500-ஐ எட்டினால், உயிருக்கு ஆபத்தான தாளக் கோளாறு தோன்றும் வாய்ப்பு மிகுதி. விரைந்த வீதத்தில் பாசெட் முறை சற்று மிகுத்துக் காட்டும். பிரிடெரிசியா முறைப்படி இதே அளவு 464 ஆகும். அதுவும் எல்லைக்கு மேற்பட்டதே. எனவே, எம்முறையாற் கணக்கிடப்பட்டது என்பதை எண்ணுடன் குறித்தல் அவசியம். “சரி” என்ற சொல்லுடன் கணக்கு முரண்படுவதால், உடனே மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

அவர் இரண்டையும் திருத்திய பின் அறிக்கை இவ்வாறு அமையும்:

வீதம்: நிமிடத்திற்கு 94
தாளம்: சைனஸ், ஒழுங்கானது
அச்சு: −45 பாகை, இடப்பக்க விலகல்
பி.ஆர்.: 240 மில்லி வினாடி, நீண்டது
க்யூ.ஆர்.எஸ்.: 80 மில்லி வினாடி
க்யூ.டி.: 400 மில்லி வினாடி, திருத்தியது 500 (பாசெட்), நீண்டது
எஸ்.டி. பகுதி, டி அலை: கூறப்படவில்லை

கடைசி வரி கவனிக்கத் தக்கது. மருத்துவர் ஒன்றைக் கூறாது விட்டது, அது இயல்பாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. அவ்விடத்தில் “இயல்பு” என்று நிரப்பினால், எவரும் பாராத ஒன்றைப் பார்த்ததாக அறிக்கை சொல்லிவிடும். அவ்வாறே, அளவுகளைக் கொண்டு நோயின் பெயரை எழுதுபவர் தாமே சேர்த்தலும் கூடாது. கருத்துரையில் மருத்துவர் கூறியது மட்டுமே இடம்பெறுதல் வேண்டும்.